வீட்டு ஜெனரேட்டரின் மின்சாரம் தெருக்கம்பிக்குப் போகாமல் தடுப்பது எப்படி?

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய், மேல்நிலைத் தொட்டி நிரம்பும் வரை மோட்டாரை ஓட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். அதே தெருக்களில், வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் புதிய கம்பங்களை நட்டு, ஏறி, வெறுங்கையால் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கீழே ஒரு ஜெனரேட்டர் ஓடுகிறது. மேலே ஒருவர் கம்பியைப் பிடித்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது வீட்டிலிருந்து கம்பத்துக்குப் போகும் சர்வீஸ் ஒயர் மட்டுமே. ஜெனரேட்டரை வீட்டோடு எப்படி இணைத்தார்கள் என்பதைப் பொறுத்தே மேலே இருப்பவரின் உயிர் இருக்கிறது.

மோட்டாரின் ஒயரைக் கழற்றி நேராக ஜெனரேட்டரில் செருகினால் ஆபத்தில்லை. அந்த மோட்டாரும் ஜெனரேட்டரும் வீட்டு ஒயரிங்கோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனியாக ஓடும். ஆனால் ஃபேனும் விளக்கும் கூடவே எரியட்டும் என்று, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரை எடுத்து ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டிலும் செருகுகிறவர்கள் உண்டு. செருகியதும் வீடு முழுக்க வெளிச்சம் வரும். பிளக் பாயிண்டுக்கு மின்சாரம் எந்த ஒயர் வழியாக வந்ததோ அதே ஒயர் வழியாக அது மெயின் சுவிட்ச், மீட்டர், கம்பம் என்று வெளியேயும் போகும். ஒயருக்கு உள்வழி, வெளிவழி என்ற வேறுபாடு கிடையாது. இப்படித் தெருவுக்குத் திரும்பிப் போகும் மின்சாரத்தைப் பேக் ஃபீட் என்பார்கள். ரிட்டர்ன் சப்ளை என்றும் சொல்வதுண்டு.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் இந்த ஆபத்தைப் பல மடங்கு பெரிதாக்கக்கூடியது. சாதாரணமாக அது 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. 433 என்பது இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள அளவு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பார்த்தால் 250. மேல்பக்கச் சுருளில் 11,000, கீழ்ப்பக்கச் சுருளில் 250 என்றால் விகிதம் 44. டிரான்ஸ்பார்மருக்குத் திசை தெரியாது. கீழ்ப்பக்கத்தில் 230 வோல்ட் கொடுத்தால் மேல்பக்கத்தில் 230 × 44, அதாவது 10,120 வோல்ட் கிளம்பும். வீட்டு வாசலில் பெட்ரோலில் ஓடும் ஒரு சிறிய ஜெனரேட்டர், ஊருக்கு வெளியே உயரழுத்தக் கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டை ஏற்றிவிட முடியும்.

“சின்ன ஜெனரேட்டரால் தெரு முழுவதையும் தாங்க முடியுமா? உடனே அணைந்துவிடாதா?” என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தெருவில் உள்ள எல்லா வீட்டுச் சுமையும் அதன் தலையில் விழுந்தால், பெரும்பாலும் இன்ஜின் திணறும் அல்லது அதன் பிரேக்கர் விழும். ஆனால் புயலுக்குப் பிறகு தெரு அப்படி இருப்பதில்லை. கம்பி பாதியில் அறுந்திருக்கும், பக்கத்து வீடுகளில் மெயினை அணைத்திருப்பார்கள், சுமையே இருக்காது. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று சுமையில்லாமல் சும்மா நிற்பதற்குக் கீழ்ப்பக்கத்தில் சில ஆம்பியர் போதும். அதை ஒரு சிறிய ஜெனரேட்டரே கொடுத்துவிடும். டிரான்ஸ்பார்மர் வரை போகாவிட்டாலும், வீட்டு வாசலில் உள்ள தாழ்வழுத்தக் கம்பியில் 230 வோல்ட் இருக்கும். கம்பத்தில் இருப்பவருக்கு அதுவே அதிகம். முதலில் சோதித்துப் பார்த்து, பிறகு கம்பிகளை ஒன்றாக இணைத்து எர்த் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது விதி. ஆனால் எர்த் கட்டப்போகும் அந்த நிமிடத்திலும் ஒருவர் கம்பிக்கு அருகில் இருக்கத்தான் வேண்டும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்கும் ஓர் அடி காத்திருக்கிறது. பேக் ஃபீட் நடந்துகொண்டிருக்கும்போதே மின்வாரிய மின்சாரம் திரும்பி வந்தால், இரண்டும் ஒன்றோடொன்று மோதும். இரண்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான் என்றாலும், அலையின் ஏற்ற இறக்கம் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. ஒன்றின் அலை மற்றதன் அலைக்கு நேர் எதிராக ஓடினால் இரண்டுக்கும் இடையே 230இன் இரு மடங்கு, அதாவது 460 வோல்ட் வித்தியாசம். பின்னால் ஒரு மாநிலத்தின் மின்தொடரே நிற்கும்போது யார் தோற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஜெனரேட்டரின் சுருள் எரியலாம். சுழலும் தண்டை ஒரே நொடியில் பிடித்துத் திருகியது போன்ற அடி விழுவதால் இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கும் உடையலாம்.

“மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் செருகுவேன், ஒரு நாளும் மறந்ததில்லை” என்று ஒருவர் சொன்னால், அவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் ஊரில் இல்லாத நாளில் அவருடைய மகன் செருகுவான். இருட்டில், மழையில், தொட்டியில் தண்ணீர் இல்லாத அவசரத்தில் செருகுவார்கள். ஆகவே யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத ஒரு பொருள் நடுவில் இருக்க வேண்டும். அதன் எளிய வடிவம் கையால் திருப்பும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரே கைப்பிடி, மூன்று நிலைகள். ஒரு பக்கம் திருப்பினால் வீடு மின்வாரியத்தோடு சேரும், மறுபக்கம் திருப்பினால் ஜெனரேட்டரோடு சேரும், நடுவில் நிறுத்தினால் எதனோடும் சேராது. கைப்பிடி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக நடுநிலையைக் கடந்தே ஆக வேண்டும். இந்தக் குணத்துக்குப் பெயர்தான் இன்டர்லாக். தமிழில் இடைப்பூட்டு என்று சொல்லலாம். ஒன்று விலகினால்தான் மற்றொன்று சேர முடியும் என்ற கட்டாயம் அது.

தானாக மாறும் அமைப்பு என்பது, இந்தக் கைப்பிடியைத் திருப்பும் வேலையை மனிதனிடமிருந்து எடுத்து ரிலேயிடமும் கன்ட்ரோலரிடமும் கொடுப்பது. நம் ஊர்களில் இதை ஏ.எம்.எஃப் பேனல் என்பார்கள். நான் அமைத்துக் கொடுத்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வீடுகள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குகள் ஆகிய பொதுச் சுமைக்கு 25 கேவிஏ டீசல் ஜெனரேட்டர். முழுச் சுமையில் ஒரு ஃபேஸுக்குச் சுமார் 35 ஆம்பியர். பேனலுக்குள் அருகருகே, நான்கு ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து விலக்கும் நான்கு-போல் கான்டாக்டர்கள் இரண்டு. ஒன்று மின்வாரியத்தைச் சுமையோடு சேர்க்கும், மற்றது ஜெனரேட்டரைச் சேர்க்கும். கான்டாக்டர் என்பது காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். அதன் சுருளில் மின்சாரம் இருக்கும் வரை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும், போனால் ஸ்பிரிங் தள்ளி விலக்கிவிடும்.

மாலை 7.12க்கு மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்வாரியக் கான்டாக்டரின் சுருளிலும் மின்சாரம் நின்றுவிடுவதால் அது தானாகவே விலகுகிறது. மூன்றில் ஒரு ஃபேஸ் மட்டும் போயிருந்தாலும், மூன்றையும் கவனித்துக்கொண்டிருக்கும் வோல்டேஜ் ரிலே சுருளின் வழியைத் துண்டித்து அதை விலக்கிவிடும். கன்ட்ரோலர் உடனே பாய்ந்து ஜெனரேட்டரைக் கிளப்புவதில்லை. கண் சிமிட்டுவது போல ஒரு நொடி போய்த் திரும்புகிற மின்சாரம் நம் ஊரில் ஏராளம். எனவே 5 விநாடி காத்திருக்கிறது. பிறகு பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு உத்தரவு போகிறது. இன்ஜின் மூன்று விநாடி சுற்றியதும் பிடித்துக்கொள்கிறது. பிடிக்காவிட்டால் சிறிது ஓய்வு விட்டு மீண்டும் முயலும். மூன்று முறை முயன்றும் பிடிக்கவில்லை என்றால் மணியடித்துவிட்டு நின்றுவிடும். கிளம்பாத ஜெனரேட்டர்களில் நான் பார்த்த பெரும்பாலானவற்றில் இன்ஜின் நன்றாகவே இருந்தது, பேட்டரிதான் செத்திருந்தது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் கன்ட்ரோலர் அதன் வோல்டேஜும் ஹெர்ட்ஸும் நிலைக்கும் வரை இன்னும் சில விநாடி பார்க்கிறது. எல்லாம் சரியென்றால் ஜெனரேட்டர் கான்டாக்டருக்கு உத்தரவு. டக் என்ற சத்தம். 7.12 தாண்டி ஏறத்தாழ 15ஆவது விநாடியில் படிக்கட்டு விளக்குகள் எரிகின்றன.

திரும்பும்போது அவசரம் இன்னும் குறைவு. 7.50க்கு மின்வாரிய மின்சாரம் வந்ததும் கன்ட்ரோலர் இரண்டு நிமிடம் வரை அதை வெறுமனே கவனிக்கிறது. பழுது பார்த்துவிட்டு லைனை ஏற்றும்போது உடனே மறுபடியும் விழுவது வழக்கம் என்பதால் இந்தப் பொறுமை தேவை. அதன் பிறகு ஜெனரேட்டர் கான்டாக்டர் விலகுகிறது. ஓரிரு விநாடி எல்லாம் இருட்டு. அந்த இருட்டு வேண்டுமென்றே வைத்தது. விலகும் முனைகளுக்கு இடையே எழும் தீப்பொறி முழுவதும் அணைய வேண்டும். மின்சாரம் போன பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார்கள் கொஞ்ச நேரம் தாமே வோல்டேஜ் உண்டாக்கும், அதுவும் அடங்க வேண்டும். அப்புறம்தான் மின்வாரியக் கான்டாக்டர் சேர்கிறது. ஜெனரேட்டர் இன்னும் சில நிமிடம் சுமையில்லாமல் ஓடிச் சூடு தணிந்து நிற்கிறது.

இத்தனையையும் கன்ட்ரோலர் சரியாகச் செய்கிறது என்பதால் மட்டும் பேக் ஃபீட் வராது என்று நம்பிவிடக் கூடாது. கன்ட்ரோலர் என்பது ஒரு நிரலும் சில ரிலேக்களும்தான். அதற்குக் கோளாறு வரும், எலி கடித்த ஒயரால் தவறான உத்தரவு போகும், அமைப்புகளை யாராவது மாற்றிவிடுவார்கள். கன்ட்ரோலர் தவறான உத்தரவு கொடுத்தாலும் இரண்டும் ஒன்றாகச் சேர முடியாத நிலை வேண்டும். அதற்காகத்தான் கான்டாக்டர்களுக்கு இடையே இரண்டு அடுக்கு இடைப்பூட்டு வைக்கிறோம்.

முதல் அடுக்கு மின்சார வழியில். ஒவ்வொரு கான்டாக்டரிலும் பெரிய முனைகளோடு ஒரு சிறிய துணை முனையும் உண்டு. 21, 22 என்று எண் பொறித்திருப்பார்கள். கான்டாக்டர் விலகியிருக்கும்போது இது சேர்ந்திருக்கும், கான்டாக்டர் சேரும்போது இது விலகும். மின்வாரியக் கான்டாக்டரின் 21–22 வழியாகத்தான் ஜெனரேட்டர் கான்டாக்டரின் சுருளுக்கு ஒயர் போகும். ஜெனரேட்டர் கான்டாக்டரின் 21–22 வழியாகத்தான் மின்வாரியக் கான்டாக்டரின் சுருளுக்குப் போகும். ஒன்று உள்ளே இருந்தால் மற்றதன் சுருளுக்கு மின்சாரமே எட்டாது. கன்ட்ரோலர் எவ்வளவு கத்தினாலும் கேட்காது.

இரண்டாவது அடுக்கு உடல்ரீதியானது. இரண்டு கான்டாக்டர்களுக்கும் நடுவில் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல ஒரு மெல்லிய துண்டு இருக்கும். அதற்குள் சீசாப் பலகை போல ஒரு நெம்புகோல். ஒரு கான்டாக்டரின் நகரும் பாகம் உள்ளே போனால், நெம்புகோலின் மறுமுனை மற்றதன் பாதையில் வந்து நின்றுகொள்ளும்.

ஒன்று போதாதா என்று கேட்டால், போதாது. பெரிய ஷார்ட் சர்க்யூட் ஒன்று வந்து போனாலோ, குறைந்த வோல்டேஜில் கான்டாக்டர் படபடவென்று துடித்தாலோ, அதன் வெள்ளி முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். சுருளில் மின்சாரம் நின்ற பிறகும் அது முழுவதும் விலகாது. அப்படி ஒரு முனை மட்டும் ஒட்டியிருக்கும்போது, மலிவான துணை முனை “நான் விலகிவிட்டேன்” என்று பொய் சொல்லக்கூடும். பெரிய முனைகளில் ஒன்று ஒட்டியிருந்தாலும் 21–22 சேராது என்று தயாரிப்பாளர் உறுதி கொடுத்த துணை முனைக்கு மிரர் கான்டாக்ட் என்று பெயர். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும். பொய் சொல்லும் துணை முனையை நம்பி ஜெனரேட்டர் கான்டாக்டருக்கு உத்தரவு போனாலும், நடுவில் உள்ள நெம்புகோல் அதை உள்ளே விடாது. யாராவது ஸ்குரூ டிரைவரால் கான்டாக்டரின் தலையை அழுத்திப் பார்த்தாலும் விடாது. சரி, நெம்புகோல் மட்டும் இருந்தால் என்ன? பாதை அடைபட்ட கான்டாக்டரின் சுருளுக்குத் தொடர்ந்து மின்சாரம் போனால், உள்ளே போக முடியாமல் அது ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டே சூடேறி எரிந்துவிடும். ஆகவே சுருளைத் துணை முனையும், பாதையை நெம்புகோலும் காக்கின்றன.

ஒரு திருமண மண்டபத்துப் பேனலைத் திறந்தபோது நடுவில் அந்தத் துண்டு இல்லை. எரிந்த கான்டாக்டருக்குப் பதிலாக வேறு தயாரிப்பாளரின் கான்டாக்டரைப் பொருத்தியிருக்கிறார்கள். பழைய துண்டு அதில் உட்காரவில்லை, கழற்றிப் பேனலின் அடியில் போட்டுவிட்டார்கள். தூசி படிந்து அங்கேயே கிடந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு மின்தடையிலும் மண்டபத்தில் விளக்கு சரியாக எரிந்திருக்கிறது, யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. இடைப்பூட்டு இல்லாததை அன்றாட ஓட்டம் காட்டிக்கொடுக்காது. அதை எடுத்து என் கையில் வைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது உண்மை.

நான்கு-போல் என்றேனே, மூன்று ஃபேஸோடு நியூட்ரலும் சேர்ந்தே மாறுகிறது. நியூட்ரலை மாற்றாமல் விட்டால், ஜெனரேட்டர் ஓடும்போதும் அதன் நியூட்ரல் தெருவின் நியூட்ரலோடு ஒட்டியே இருக்கும். நம் கட்டடத்தில் ஏற்படும் ஒரு கோளாறின் வோல்டேஜ் அந்த ஒயர் வழியாக வெளியே போகலாம். கசிவைக் கண்டு அணைக்கும் ஆர்.சி.சி.பி.யும் காரணமின்றி விழலாம். ஆனால் நியூட்ரல் முனை தேய்ந்து சரியாகச் சேராவிட்டால் வேறு வினை. நியூட்ரலை இழந்த மூன்று ஃபேஸ் இணைப்பில், சுமை குறைவாக உள்ள ஃபேஸின் விளக்கும் டிவியும் 230க்குப் பதில் 400ஐ நெருங்கும் வோல்டேஜைப் பார்க்க நேரும். நியூட்ரலுக்கும் ஃபேஸுக்குச் சமமான தடிமனில் முனை வேண்டும். அதன் ஸ்குரூக்களை ஆண்டுதோறும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கூரையில் சோலார் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்வாரியத்தோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர், மின்சாரம் போனால் தானாக நின்றுவிடும். அதற்கான தற்காப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதை சேஞ்ச் ஓவருக்குப் பிறகு, சுமைப் பக்கத்தில் இணைத்திருந்தால், ஜெனரேட்டர் ஓடும்போது “மின்வாரியம் வந்துவிட்டது” என்று நினைத்து மீண்டும் கிளம்பக்கூடும். மதிய வெயிலில் கட்டடச் சுமையைவிட சோலார் அதிகம் கொடுத்தால் மிச்சம் ஜெனரேட்டருக்குள் தள்ளப்படும். இடைப்பூட்டு இதைத் தடுக்காது, இது வேறு வழி. சோலாரை மின்வாரியப் பக்கத்தில் இணைப்பதுதான் எளிய தீர்வு.

உங்கள் பேனலில் இடைப்பூட்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டுப் பார்க்கலாம். முதலாவது, மின்வாரிய மெயினை அணைத்துப் பூட்டி, ஜெனரேட்டர் பேட்டரியின் ஒயரைக் கழற்றி, பேனலில் எங்கும் மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகு, ஒரு கான்டாக்டரின் தலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை அழுத்துவது. இரண்டாவதாக அழுத்தும் கான்டாக்டர் உள்ளே போகக் கூடாது. பிறகு வரிசையை மாற்றி அழுத்திப் பார்க்க வேண்டும். கொஞ்சம் போய் நிற்கிறது என்றாலும் துண்டு தேய்ந்திருக்கக்கூடும்.

இரண்டாவது சோதனைக்கு மின்வாரிய மெயினை அணைத்தே வைத்துக்கொண்டு, பேட்டரியை மாட்டி ஜெனரேட்டரை ஓட்டிச் சுமையை ஏற்ற வேண்டும். மெயினுக்கும் மின்வாரியக் கான்டாக்டருக்கும் நடுவில் உள்ள முனைகளில் மின்சாரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஃபேஸிலும் பார்க்க வேண்டும். மல்ட்டிமீட்டர் மட்டும் போதாது. அருகில் ஓடும் ஒயர்களின் தாக்கத்தால் அது நாற்பது, ஐம்பது வோல்ட் என்று வெறும் நிழலைக் காட்டும். ஹோல்டரில் மாட்டிய சாதாரண குண்டு பல்பின் ஒரு ஒயரை ஜெனரேட்டரின் நியூட்ரலில் இணைத்து, மறு ஒயரை முனையில் வைத்துப் பார்த்தால் நிழல் வோல்டேஜ் அங்கேயே மறைந்துவிடும், உண்மையான வோல்டேஜ் என்றால் பல்பு எரியும். முதலில் ஜெனரேட்டர் பக்கத்து முனையில் வைத்துப் பல்பு எரிவதை உறுதி செய்துகொண்டு, பிறகு மின்வாரியப் பக்கத்து மூன்று முனைகளிலும் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஒன்றில்கூட இழை லேசாகச் சிவக்கக் கூடாது. சிவந்தால் ஜெனரேட்டரை உடனே நிறுத்தி, அந்தக் கான்டாக்டரை மாற்றும் வரை மெயினைப் பூட்டியே வைத்திருக்க வேண்டும்.